பிரிந்த பெற்றோர், பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம்: இங்கிலாந்தில் யாருடைய சம்மதம் வேண்டும், எப்போது நீதிமன்றம் போக வேண்டும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வாழும் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பள்ளி விடுமுறைக்கு அம்மா பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போக நினைக்கிறார், அல்லது அப்பா நினைக்கிறார். விமானம் ஏறும் முன் இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும்: மற்றவரின் சம்மதம், இல்லையென்றால் நீதிமன்றத்தின் அனுமதி. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதவரை, பயணம் மூன்று நாளா மூன்று மாதமா என்பது இதை மாற்றுவதில்லை. பிள்ளை யாரோடு வாழ்கிறது, செலவை யார் பார்க்கிறார் என்பதும் மாற்றுவதில்லை.

1984ஆம் ஆண்டின் குழந்தைக் கடத்தல் சட்டம் இதைக் குற்றவியல் விஷயமாகவே வைத்திருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, தேவையான சம்மதம் இல்லாமல் பெற்ற தாயோ தந்தையோ ஐக்கிய ராஜ்ஜியத்துக்கு வெளியே கொண்டுபோனாலும் அனுப்பினாலும் அது குற்றம். அதிகபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. ‘என் பிள்ளையை நானே எப்படிக் கடத்த முடியும்’ என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். முழுக்கக் குடிபெயர்வது இன்னும் பெரிய வழக்கு என்பதால், விடுமுறைப் பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.)

யாருடைய சம்மதம்?

இதற்கு விடை ‘பெற்றோர் பொறுப்பு’ என்ற ஒரு சட்டச் சொல்லில் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு, மருத்துவம், இருப்பிடம் போன்றவற்றில் முடிவெடுக்கும் உரிமையும் கடமையும் சேர்ந்ததுதான் அது. தாய்க்கு அது பிரசவத்தோடே வந்துவிடுகிறது. தாயை மணந்திருந்த தந்தைக்கும் உண்டு. மணமாகாத தந்தை என்றால், 2003 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து பதிவான பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால் போதும். அப்படி இல்லாதவர் தாயோடு முறையான ஒப்பந்தம் செய்தோ நீதிமன்றத்தில் கேட்டோ பெறலாம். விவாகரத்து ஆனதும் இது போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. இரண்டு ஆண்டாகப் பிள்ளையை எட்டிப் பார்க்காத தந்தைக்கும், பணமே அனுப்பாத தந்தைக்கும் அது அப்படியே இருக்கிறது.

பெற்றோர் பொறுப்பு இல்லாத தந்தையின் சம்மதத்தை 1984 சட்டம் கேட்பதில்லை. ஆனால் அவரும் நீதிமன்றம் போய்ப் பயணத்தைத் தடுக்கும் உத்தரவு கேட்கலாம். ஆகவே அவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

28 நாள் விலக்கு, அதில் வழுக்கும் இடம்

பிள்ளை யாரோடு வாழ வேண்டும் என்று நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தால், அதில் ‘இவரோடு வாழும்’ என்று பெயர் குறிப்பிடப்பட்டவர் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்கு மற்றவரின் சம்மதம் இல்லாமலே கூட்டிப்போகலாம். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 13ஆவது பிரிவு, இந்த விலக்கைத் தருகிறது. அரசின் வழிகாட்டுதல் இதை 28 நாள் என்று சொல்கிறது. ‘ஒரு மாதம்’ என்பதைக் காதில் வாங்கி 30, 31 நாளுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்து எண்ணி, 28ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானம் ரத்தானால் என்ன ஆகும் என்று யோசித்து, இரண்டு நாள் மிச்சம் வைத்தால் இன்னும் நல்லது.

இந்த விலக்கு, உத்தரவு இருப்பவருக்கு மட்டும்தான். ‘பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள், எல்லாருக்கும் தெரியும்’ என்பது உத்தரவு ஆகாது. பிரிந்தவர்களில் பலர் நீதிமன்றமே போகாமல் தங்களுக்குள் பேசி ஏற்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உத்தரவில் வார இறுதிச் சந்திப்பு மட்டும் எழுதப்பட்டிருக்கும் பெற்றோருக்கும் கிடையாது. இன்னொன்று, உத்தரவிலேயே பயணத்தைப் பற்றித் தனி நிபந்தனை இருந்தால் அதுதான் செல்லும். எனவே உத்தரவைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும்.

‘சரி, கூட்டிட்டுப் போ’ போதாது

சம்மதத்தை எழுத்தில்தான் வாங்க வேண்டும் என்று 1984 சட்டம் சொல்லவில்லை. ஆனால் யாரோடு வாழ வேண்டும் என்ற உத்தரவு இருந்து 13ஆவது பிரிவு பொருந்தும் இடங்களில் எழுத்து கட்டாயம். மற்ற இடங்களிலும், எழுத்தில் இல்லாத சம்மதம் தகராறு வரும் நாளில் நிற்காது. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு உரையாடல் நடக்கிறது என்று வையுங்கள்:

‘லீவுல பாப்பாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்.’
‘சரி, கூட்டிட்டுப் போ. டேட் சொல்லு.’

இதில் எந்த நாடு என்று இல்லை, எத்தனை நாள் என்று இல்லை. ‘டேட் சொல்லு’ என்றவர், தேதி தெரிந்தபின்தான் முடிவு சொல்வதாக இருந்தேன் என்று பிறகு வாதிடலாம். இரண்டு வாரம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன், அவர் ஏழு வாரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம். அவர் பொய் சொல்கிறார் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது.

நல்ல சம்மதக் கடிதம் ஒரு பக்கம் போதும். விமான நிலைய அதிகாரி படிப்பதற்காக ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண். கூட்டிப்போகிறவரின் பெயர், கடவுச்சீட்டு எண். எந்த நாடு, இடையில் விமானம் மாறும் நாடு எது. புறப்படும் தேதி, திரும்பும் தேதி, விமான எண்கள். தங்கும் வீட்டின் முகவரி, அங்குள்ள தொலைபேசி எண். பிறகு ‘மேற்சொன்ன தேதிகளுக்கு மட்டும், விடுமுறைக்காக மட்டும் சம்மதிக்கிறேன்; பிள்ளையின் வசிப்பிடம் இங்கிலாந்துதான்’ என்ற பொருளில் ஒரு வரி. சம்மதம் தருபவரின் கையெழுத்து, தேதி, முகவரி, தொலைபேசி எண். ‘விடுமுறைக்காக மட்டும்’ என்ற அந்த வரி, சம்மதம் தருபவருக்கும் பாதுகாப்பு. பயணம் நீண்டுபோனால், ‘அவரே அங்கே வளரட்டும் என்றார்’ என்ற வாதத்துக்கு அது இடம் கொடுக்காது. சாதாரணப் பயணத்துக்கு இந்தக் கடிதம் போதும் என்றாலும், சில நாடுகள் நோட்டரி சான்று கேட்கும். போகும் நாட்டின் தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடவுச்சீட்டைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பிள்ளைக்குப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோர் பொறுப்புள்ள ஒருவர் விண்ணப்பித்தால் போதும். அது கைக்கு வந்துவிட்டது என்பதால் பயணத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை, இரண்டும் வேறு. விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை என்பதும் சம்மதம் ஆகாது. ஐக்கிய ராஜ்ஜியத்தை விட்டு வெளியேறும்போது முத்திரை குத்தும் குடியேற்ற மேசை இல்லை. பிரச்சினை பெரும்பாலும் போன பிறகுதான் வெடிக்கிறது.

மறுத்தால்: ஒரு பயணத்தை எடுத்துப் பார்ப்போம்

ஏழு வயது மகள், இங்கிலாந்தில் தாயோடு வாழ்கிறாள். தந்தை வார இறுதிகளில் பார்க்கிறார். பெற்றோர் மணமானவர்கள், இப்போது பிரிந்திருக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு எதுவும் கிடையாது. தாய் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 28 வரை மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டியோடு இருக்க நினைக்கிறார். போகும் நாளும் வரும் நாளும் சேர்த்து 35 நாள். தந்தை மறுக்கிறார்: ‘போனா திரும்ப மாட்ட.’

முதலில் கவனிக்க வேண்டியது, 28 நாளாகக் குறைத்தாலும் தாய்க்குச் சம்மதம் வேண்டும், ஏனென்றால் உத்தரவு இல்லை. ‘நியாயமில்லாமல் மறுத்தார்’ என்பது சில சூழல்களில் 1984 சட்டத்தின் கீழ் தற்காப்பு வாதமாக இருக்கிறது. ஆனால் கைதான பிறகு சொல்ல வேண்டிய வாதத்தை நம்பி யாரும் டிக்கெட் எடுக்கக் கூடாது.

தாய் செய்ய வேண்டியது, டிக்கெட் எடுக்கும் முன்பே, ஜனவரியிலேயே, முழுப் பயணத் திட்டத்தையும் தந்தைக்கு எழுத்தில் அனுப்புவது. பதிலுக்கு இரண்டு வாரம் தரலாம். மறுப்பு வந்தால் அல்லது பதிலே வராவிட்டால் அடுத்த படி சமரச ஆலோசகரிடம் தகவல் சந்திப்பு. மியாம் என்று சொல்வார்கள். குடும்ப வன்முறை, உண்மையான அவசரம் போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் இதற்குப் போய்வந்த பிறகே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க முடியும். பிறகு C100 படிவம். அதில் கேட்பது ‘குறிப்பிட்ட விவகார உத்தரவு’, அதாவது இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டும் என்பது. பிள்ளைக்கு ஆபத்து ஏற்பட்டதாகவோ ஏற்படும் என்றோ சொல்வதாக இருந்தால் C1A படிவமும் சேர வேண்டும்.

விண்ணப்பம் போனதும் காஃப்காஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பு இரு பெற்றோரிடமும் தொலைபேசியில் பேசி, காவல்துறை, சமூக சேவைப் பதிவுகளையும் பார்த்து நீதிமன்றத்துக்குக் கடிதம் தரும். முதல் விசாரணை 5, 6 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். நடைமுறையில் கூடுதலாகவும் ஆகிறது. அங்கே உடன்பாடு வராவிட்டால் சாட்சியங்களோடு இன்னொரு விசாரணை. ஜூலைப் பயணத்துக்கு மார்ச்சில் விண்ணப்பித்தால் மூச்சுவிட நேரம் இருக்கும். ஜூன் கடைசியில் டிக்கெட்டோடு போய் நின்றால், ‘காசு போகும்’ என்பதை நீதிமன்றம் அவசரமாக ஏற்பது அரிது.

நீதிபதி எதைப் பார்க்கிறார்

பிள்ளையின் நலனே முதன்மை. பாட்டியைப் பார்ப்பதும், தாய்வீட்டு உறவுகளோடும் மொழியோடும் பழகுவதும் பிள்ளைக்கு நல்லது என்பதை நீதிமன்றங்கள் எளிதாகவே ஏற்கின்றன. விவாதம் நடப்பது ‘திரும்பி வருவார்களா’ என்பதில்தான். இங்கே போகும் நாடு எது என்பது முடிவையே மாற்றக்கூடியது.

1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், தவறாகக் கொண்டுவரப்பட்ட அல்லது திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அது வாழ்ந்துவந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டவை. பிள்ளை யாரோடு வாழ வேண்டும் என்பதை அந்த நாடு விசாரிக்காது. அது பிள்ளையின் சொந்த நாட்டு நீதிமன்றத்தின் வேலை. ஓராண்டுக்குள் கேட்டால், குறுகிய சில விலக்குகள் தவிர, திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். இலங்கை 2001இல் இதில் சேர்ந்தது. சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் உள்ளே இருக்கின்றன. இந்தியா சேரவில்லை. மலேசியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேரவில்லை.

ஆகவே இதே தாய், இதே மகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் தந்தையின் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது: திரும்பாவிட்டால் ஒரு வழிமுறை இருக்கிறது. சென்னை என்றால் அந்த வழி இல்லை. தந்தை இந்தியாவில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருக்கலாம். அங்கே நீதிபதி பிள்ளையின் நலனைத் தாமே எடைபோடுவார். இங்கிலாந்து நீதிமன்றத்தின் உத்தரவு அதில் ஓர் அம்சமாகப் பார்க்கப்படுமே தவிர, தானாகச் செல்லாது. மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் போகும். அதற்குள் பிள்ளை அங்கே பள்ளியில் சேர்ந்து வேரூன்றிவிடும்.

எனவே ஹேக்கில் இல்லாத நாட்டுக்கான பயணங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்துவைத்திருக்கிறது. திரும்பாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? போய்விட்டால் பிள்ளைக்கு விளையும் பாதிப்பு எவ்வளவு? அதைத் தடுக்க எவ்வளவு உறுதியான பாதுகாப்பு ஏற்பாடு செய்ய முடியும்? சென்னைப் பயணத்தில் இரண்டாவது கேள்விக்கான விடை எப்போதுமே கனமானதுதான்: தந்தையைப் பிரிந்து நீண்ட காலம் வாழ நேரிடும். தாய் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த விடை மாறாது. அதனால் அவருடைய உழைப்பு முழுவதும் முதல், மூன்றாம் கேள்விகளில் இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு உணர்ச்சிப் பேச்சு உதவாது, தாள்கள் உதவும். நிரந்தர வேலைக் கடிதம், அதில் அனுமதிக்கப்பட்ட விடுப்புத் தேதிகள். வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் அறிக்கை. செப்டம்பரில் பிள்ளை எந்த வகுப்பில் என்று பள்ளி தந்த கடிதம். முன்பு இதே ஊருக்குப் போய்ச் சரியான தேதியில் திரும்பியதற்கான கடவுச்சீட்டு முத்திரைகள். எதிர்ப்பக்கத் தாள்களும் பேசும்: வேலையை விட்டது, வீட்டை விற்றது, ‘இங்கே எனக்கு யாருமில்லை, ஊருக்கே போயிடுறேன்’ என்று கோபத்தில் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி. பிரிவின் வலியில் யாரும் எழுதக்கூடிய வரி அது. ஆனால் நீதிபதியின் முன் அது சாட்சியமாக வரும். மறைப்பதைவிட, எந்த நாளில் எந்தச் சூழலில் எழுதியது என்று தாயே தன் வாக்குமூலத்தில் விளக்கிவிடுவது மேல்.

மூன்றாம் கேள்விக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள். குறித்த தேதியில் திரும்புவதாக நீதிமன்றத்துக்கே கொடுக்கும் உறுதிமொழி. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. முன்கூட்டியே எடுத்த இருவழி டிக்கெட்டின் நகல். பயண நாட்களில் குறித்த நேரத்தில் தந்தையோடு வீடியோ அழைப்பு. திரும்பியதும் கடவுச்சீட்டை வழக்கறிஞரிடம் ஒப்படைப்பது. ஒரு பிணைத்தொகையை வழக்கறிஞர் கணக்கில் வைப்பதும் உண்டு: திரும்பாவிட்டால் தந்தை அங்கே வழக்கு நடத்த அந்தப் பணம் பயன்படும், திரும்பினால் தாய்க்கே வந்துவிடும். பிணைத்தொகையின் பயனே அதுதான் என்பதால், இந்தியாவில் ஒரு வழக்குக்கு ஏறக்குறைய என்ன செலவாகும் என்ற கணக்கோடு தொகையைச் சொல்ல வேண்டும். சும்மா ஒரு எண்ணைச் சொன்னால் எடுபடாது.

இந்த ஏற்பாடுகளில் எது சென்னையில் போய் உண்மையிலேயே செல்லும் என்பதுதான் கடினமான கேள்வி. உறுதிமொழி இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு எதிரில் கொடுத்தது. தாய் திரும்பியே வராவிட்டால் அது அவரை எட்டாது. அதனால் இந்தியச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எழுத்துபூர்வக் கருத்தை நீதிமன்றம் பெரும்பாலும் கேட்கும். அதைப் பெறச் செலவும் வாரங்களும் ஆகும். மார்ச்சிலேயே தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

தாளும் ஏற்பாடும் சரியாக இருந்தால் நீதிபதி 35 நாளைக் குறைத்து மூன்று வாரத்துக்கு அனுமதி தரலாம். முதல் பயணம் குறுகியதாக இருந்து தேதி தவறாமல் திரும்பினால், அடுத்த ஆண்டு நீண்ட பயணம் கேட்க அதுவே சான்று. எனவே கேட்கும்போதே இரண்டு தேதி வரிசைகளை வைத்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

தடுக்க நினைக்கும் பெற்றோர்

திட்டம் தெரிந்ததும், ‘தடை உத்தரவு’ கேட்டு அவரும் C100இலேயே விண்ணப்பிக்கலாம். நிலைமை அவசரமென்றால் மற்றவருக்குத் தெரிவிக்காமலே அன்றே கேட்கலாம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோகும் ஆபத்து உண்மையானது என்றால், காவல்துறையிடம் துறைமுக எச்சரிக்கை கேட்க வேண்டும். விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போகும் அந்த எச்சரிக்கை 28 நாள் இருக்கும். 16 வயதுக்குக் கீழ் என்றால் உத்தரவு கையில் இல்லாமலே கேட்கலாம். பிள்ளையின் அண்மைய புகைப்படம், கடவுச்சீட்டு எண், தெரிந்தால் விமான விவரம் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். பிள்ளைக்கு இரண்டாவது நாட்டின் கடவுச்சீட்டும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டை மட்டும் வாங்கிப் பூட்டிவைத்ததால் பயனில்லாமல் போன வழக்குகள் இப்படித்தான் நடக்கின்றன.

விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை

சம்மதக் கடிதம் அல்லது நீதிமன்ற முத்திரையுள்ள உத்தரவு, அசல். அதோடு பிள்ளையின் முழுப் பிறப்புச் சான்றிதழ். இங்கிலாந்தில் சுருக்கச் சான்றிதழ் என்று ஒன்றும் இருக்கிறது. அதில் பெற்றோர் பெயர் இராது, அதனால் உதவாது. தமிழ்க் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். மகளின் கடைசிப் பெயர் அவளுடைய அப்பாவின் பெயர், தாயின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர். எல்லை அதிகாரியின் கண்ணுக்கு இருவரும் வேறு வேறு குடும்பம். மணமான காலத்தில் கணவர் பெயரைச் சேர்த்துப் பிறகு மாற்றியிருந்தால் மணச் சான்றிதழோ விவாகரத்து ஆணையோ கூட வேண்டும். திரும்பி வரும்போதும் இதே கேள்வி வரும், அதனால் இவை பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளையிடமே ‘யாரோடு வந்தாய்’ என்று அதிகாரி கேட்பார் என்பதை அவளுக்கு முன்பே சொல்லிவைத்தால் அவள் பயப்பட மாட்டாள்.

விசா எடுக்கும்போதும் ஒரு தடை வரும். சிறுவர்களுக்கான இந்திய விசா விண்ணப்பத்தில் பொதுவாகப் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் கேட்கப்படும். நீதிமன்ற உத்தரவோடு போகிறவர், அந்த உத்தரவிலேயே ‘தந்தையின் கையெழுத்து இல்லாமல் தாய் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்’ என்ற வரியையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு தந்தையிடம் இருந்தால் எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அனுமதி கிடைத்தும், இந்த இரண்டு வரிகள் இல்லாததால் பயணம் நின்றுபோவது உண்டு.

பயணத்தின் நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து விமானத்தை மாற்ற நேர்ந்தால், அன்றே தந்தைக்கு மருத்துவரின் சீட்டோடும் புதிய டிக்கெட்டோடும் எழுதுங்கள். அவருடைய ஒப்புதலை எழுத்தில் கேளுங்கள். உத்தரவின் கீழ் போயிருந்தால் வழக்கறிஞரிடமும் உடனே சொல்லி, தேதியை நீட்டிக்க நீதிமன்றத்தை அணுக வேண்டுமா என்று கேளுங்கள். குறித்த தேதி கடந்து மௌனமாக இருக்கும் முதல் நாளிலிருந்தே, சம்மதத்தோடு தொடங்கிய பயணமும் தவறாகத் தடுத்துவைத்தலாக மாறத் தொடங்குகிறது.